டிரையலுக்குக் காசு கொடுத்தால் தேதியும் பதிவானதாக அர்த்தமா? என் புக்கிங் கேப்ஷனைப் பார்த்துச் சொல்லுங்கள்

தூரிகை | மார்ச் 4, இரவு 10:20

மணப்பெண் மேக்கப் செய்கிறேன், மூன்று வருடமாக. புக்கிங்குக்காக நான் போடும் கேப்ஷன் இதுதான். வரி மாற்றாமல் ஒரு வருடமாக இதையே ஒட்டிக்கொண்டிருக்கிறேன்:

"மணப்பெண் மேக்கப் புக்கிங் ஆரம்பம்! தேதிகள் வேகமாக நிரம்புகின்றன. டிரையல் உண்டு (கட்டணம் தனி). டிரையலுக்குப் பின் புக்கிங் உறுதி செய்யலாம். அட்வான்ஸ் 50%, திருப்பித் தரப்படாது. 20 கி.மீ. தாண்டினால் பயணச் செலவு தனி. தேதி இருக்கிறதா என்று அறிய டிஎம் செய்யவும்."

போன வாரம் ஒரு பெண் டிரையலுக்கு வந்தார், பிடித்திருக்கிறது என்றார், டிரையல் கட்டணம் கொடுத்தார், போய்விட்டார். அட்வான்ஸ் வரவில்லை. ஒன்பதாம் நாள் அதே தேதிக்கு இன்னொருவர் கேட்டு, அன்றைக்கே அட்வான்ஸ் போட்டுவிட்டார். நான் தேதியை அவருக்குக் கொடுத்துவிட்டேன். இப்போது முதல் பெண், "நான்தான் முதலில் காசு கொடுத்தேன், தேதி என்னுடையது" என்று சண்டை. என் கேப்ஷனில் அட்வான்ஸ் என்று தெளிவாகத்தானே இருக்கிறது? தப்பு யார் மேல்?

ரசீதுக்காரர் | மார்ச் 4, இரவு 11:05

தப்பு அந்தப் பெண் மேல்தான். அட்வான்ஸ் வராமல் புக்கிங் இல்லை, முடிந்தது. நான் ஒரு போட்டோ ஸ்டூடியோவுக்குக் கணக்கு பார்க்கிறேன். அங்கே நாங்கள் 'அட்வான்ஸ்' என்று எழுதவே மாட்டோம், 'டெபாசிட்' என்றுதான் எழுதுவோம். அட்வான்ஸ் என்று எழுதினால் கேட்டால் திருப்பித் தர வேண்டிவரும், டெபாசிட் என்றால் தர வேண்டாம். அந்த ஒரு சொல்லை மாற்றுங்கள், போதும்.

புதுசு | மார்ச் 5, காலை 7:40

டிரையல் என்றால் இலவசமாகச் செய்து காட்டுவதுதானே? நான் கற்றுக்கொண்டிருக்கிறேன், என்னிடம் யாராவது டிரையல் கேட்டால் காசு கேட்கலாமா?

பழைய கை | மார்ச் 5, மதியம் 1:15

பதினான்கு வருடமாக இதே வேலை. முதலில் தங்கச்சி 'புதுசு'க்கு: கேட்கலாம். டிரையலுக்கு இரண்டரை மணி நேரம் போகும், முழு மணப்பெண் அலங்காரத்துக்குப் போகும் அதே பொருள் போகும், அன்றைக்கு வேறு வேலை எடுக்க முடியாது. இலவசமாகச் செய்தால், ஐந்து பேரிடம் டிரையல் பார்த்துவிட்டு ஆறாவது ஆளிடம் போகிறவர்கள்தான் வரிசையில் நிற்பார்கள்.

இப்போது தூரிகை. தப்பு உங்கள் கேப்ஷன் மேல். "டிரையலுக்குப் பின் புக்கிங் உறுதி செய்யலாம்" என்று எழுதியிருக்கிறீர்கள். அதைப் படிக்கிற பெண்ணுக்கு என்ன தோன்றும்? டிரையல் முடிந்தது, பிடித்தது, பிடித்தது என்று சொன்னேன், ஆக உறுதி செய்துவிட்டேன். 'உறுதி' என்பது வாயால் சொல்வதா, காசு கொடுப்பதா என்று உங்கள் வரியில் இல்லை. அதோடு அவர் உங்களுக்கு ஒரு தொகை கொடுத்தும் இருக்கிறார். உங்கள் கணக்கில் அது டிரையல் காசு. அவர் கணக்கில் அது மேக்கப்காரிக்குக் கொடுத்த முதல் காசு.

ரசீதுக்காரர் சார், சொல்லை மாற்றினால் சட்டம் மாறாது. ஊருக்கு ஊர் விதி வேறு. எந்தப் பெயரில் வாங்கினாலும், எதற்காக வாங்கினீர்கள், ரத்தானால் எவ்வளவு நிறுத்திக்கொள்வீர்கள், ஏன் என்று முன்கூட்டியே சொன்னீர்களா என்பதுதான் கேள்வியாகும். 'டெபாசிட்' என்று மட்டும் எழுதிவிட்டு மற்றதைச் சொல்லாமல் விட்டால் நீங்களும் மாட்டுவீர்கள். ஆனால் பெயரைத் தெளிவாக வைக்க வேண்டும் என்கிற வரையில் நீங்கள் சொல்வது சரி.

தூரிகை | மார்ச் 5, இரவு 9:30

அக்கா, சரி. இரண்டாவது தடவை யோசித்ததில் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது, மேலே விட்டுவிட்டேன். டிரையல் முடிந்த அன்று இரவு அந்தப் பெண், "நீங்கதான் பண்றீங்க, முடிவு பண்ணிட்டோம்" என்று செய்தி அனுப்பினார். நான் பதிலுக்கு ஒரு சிவப்பு இதயம் போட்டேன். அதற்கு மேல் எதுவும் எழுதவில்லை. "அட்வான்ஸ் வந்ததும் தேதி குறிக்கிறேன்" என்று ஒரு வரி எழுதியிருந்தால் இந்தச் சண்டையே இல்லை.

பழைய கை | மார்ச் 5, இரவு 9:52

அந்த இதயம்தான் உங்கள் ரசீது.

மணப்பெண்ணின் அண்ணன் | மார்ச் 6, காலை 6:30

நாங்கள் எதிர்ப்பக்கம். தங்கை கல்யாணத்துக்கு ஒரு மேக்கப்காரரிடம் பாதித் தொகை முன்பணம் கொடுத்தோம். பன்னிரண்டு நாள் முன்னால் "உடம்பு சரியில்லை, வர முடியாது" என்று செய்தி வந்தது. பணம் திரும்பி வர ஐந்து வாரம். கேப்ஷனில் எல்லாரும் "அட்வான்ஸ் திருப்பித் தரப்படாது" என்று எழுதுகிறீர்களே, நீங்கள் வராமல் போனால் என்ன என்று ஒருவராவது எழுதியிருக்கிறீர்களா? இருபது பேருடைய பக்கத்தைப் பார்த்தேன், ஒருவர் கூட இல்லை.

தூரிகை | மார்ச் 6, மாலை 5:10

என் கேப்ஷனிலும் இல்லை. காலையில் படித்ததிலிருந்து மனசில் நிற்கிறது. பணத்தைப் பொறுத்தவரை என் பக்கம் நடந்தால் என்ன ஆகும் என்று ஒரு வரி எழுத எனக்கு எந்தக் கஷ்டமும் இல்லை: முழுத் தொகையும் திரும்ப, அன்றைக்கே. மாற்று ஆள் ஏற்பாடு செய்கிறேன் என்று வாக்குக் கொடுக்கத்தான் தயக்கம். என் கைக்குச் சமமான ஒருவர் அந்த நாளில் சும்மா இருப்பார் என்று நான் எப்படிச் சொல்வது?

பழைய கை | மார்ச் 6, இரவு 8:40

வாக்குக் கொடுக்காதீர்கள். "தேடித் தர முயற்சி செய்வேன், ஏற்பது உங்கள் விருப்பம், ஏற்காவிட்டால் முழுப் பணமும் திரும்ப" என்று எழுதுங்கள். டிரையலில் என்னென்ன போட்டீர்கள், எந்த ஷேடு, எதற்கு மேல் எது என்று ஒரு தாளில் எழுதி வைத்திருந்தால் மாற்று ஆளுக்கு அதைக் கொடுக்கலாம். நான் ஒவ்வொரு டிரையலுக்கும் எழுதி, இயற்கை வெளிச்சத்தில் ஒரு படம், பிளாஷ் போட்டு ஒரு படம் எடுத்து அதனோடு வைப்பேன். பிளாஷ் படம் ஏன் என்றால், சில பவுடரும் சன்ஸ்கிரீன் கலந்த பவுண்டேஷனும் கண்ணாடியில் அழகாக இருந்துவிட்டு, பிளாஷ் பட்டதும் முகத்தை வெள்ளை பூசினது போலக் காட்டும். கல்யாண ஆல்பத்தில் அது தெரிந்தால் ஒன்றும் செய்ய முடியாது. டிரையலின் வேலையே அதுதான், அழகாக இருக்கிறதா என்று பார்ப்பது அதில் பாதிதான்.

ரசீதுக்காரர் | மார்ச் 7, காலை 10:00

சொல்லை மாற்றினால் போதும் என்றேன், பின்வாங்குகிறேன். எங்கள் ஸ்டூடியோவிலேயே போன வருடம் ஒரு டெபாசிட்டைத் திருப்பிக் கொடுத்தோம் என்று பழைய கணக்கில் இருக்கிறது. ஆனால் ஒரு கேள்வி. டிரையல் முதலா, அட்வான்ஸ் முதலா? டிரையலுக்கு முன் அட்வான்ஸ் கேட்டால் பார்க்காத வேலைக்குக் காசு. டிரையலுக்குப் பின் கேட்டால் நடுவில் தேதி யாருடையது என்று தெரியாது. இரண்டும் கோணல்.

பழைய கை | மார்ச் 7, மதியம் 2:25

இதுதான் கேள்வி. நானும் இரண்டு பக்கமும் போய்ப் பார்த்தவள். முதல் சில வருடம் அட்வான்ஸ் முதல் என்று இருந்தேன். டிரையலில் பிடிக்காமல் போனால் பெண் அழுதாள், நான் பிடிவாதம் பிடித்தேன், பெயர் கெட்டது. அப்புறம் டிரையல் முதல் என்று மாற்றினேன், உங்களுக்கு நடந்த அதே கதை நடந்தது.

இப்போது செய்வதை எண்ணோடு சொல்கிறேன். மொத்த மேக்கப் தொகையை 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். டிரையல் 15. டிரையல் நடந்த நேரத்திலிருந்து 48 மணி நேரம் தேதியை அந்தப் பெண்ணுக்காக நிறுத்தி வைப்பேன், இன்னொருவர் கேட்டால் "ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கிறார், நாளை மறுநாள் சொல்கிறேன்" என்பேன். அந்த 48 மணிக்குள் அட்வான்ஸ் 35 வந்தால் தேதி அவருடையது, டிரையலில் கொடுத்த 15 மொத்தத்தில் கழியும். ஆக அவர் கொடுத்தது 50, மீதி 50. வராவிட்டால் தேதி திறந்துவிடும், 15 என் வேலைக்கான கூலி, சண்டை இல்லை. பிடிக்காவிட்டாலும் அவருக்கு நஷ்டம் 15 தான், 50 இல்லை.

மீதி 50 எப்போது என்பதையும் எழுத வேண்டும். மேக்கப் முடிந்ததும் வாங்கிக்கொள்ளலாம் என்று நினைத்தால், பெண் எழுந்து போனதும் அந்த அறையில் உங்களைத் தெரிந்தவர் ஒருவரும் இருக்க மாட்டார். அவள் அப்பாவைத் தேடிக்கொண்டு கூட்டத்தில் அலைய வேண்டும். நான் முதல் நாள் மாலையே வாங்கிவிடுகிறேன்.

தூரிகை | மார்ச் 7, இரவு 11:15

48 மணி நேரம் எனக்கு அதிகமாகத் தெரிகிறது. ஒரே நாளில் பல கல்யாணம் விழுகிற சீசனில், அந்த இரண்டு நாளில் காசோடு நிற்கிற மூன்று பேரைத் திருப்பி அனுப்ப வேண்டியிருக்கும். 24?

மணப்பெண்ணின் அண்ணன் | மார்ச் 8, காலை 6:45

24 மணியில் எங்கள் வீட்டில் அம்மா, அத்தை, மாப்பிள்ளை வீடு என்று மூன்று இடத்தில் படம் காட்டி முடியாது. இரண்டு நாள் வேண்டும்.

பழைய கை | மார்ச் 8, காலை 9:10

சீசனில் 24, மற்ற நாளில் 48 என்று வைக்கிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு இரண்டு விதி வைத்துக்கொள்வது பிடிக்காது, எதைச் சொன்னேன் என்று எனக்கே மறந்துவிடும். உங்கள் பாடு. எவ்வளவு என்பதை விட, மணி எப்போது ஓடத் தொடங்குகிறது என்பதை எழுதுங்கள்.

தூரிகை | மார்ச் 9, இரவு 10:00

இன்னொரு குட்டு. "20 கி.மீ. தாண்டினால் பயணச் செலவு தனி." இந்த வரியால் இன்றைக்கு ஒரு மணி நேரம் போனது. பெண் வீட்டார் வரைபடத்தில் நேர்கோடு பிடித்து 31 கி.மீ. என்றார்கள். 20 போனால் 11, ஆக 11 கி.மீ.க்குக் காசு என்றார்கள். என் வீட்டிலிருந்து சாலை வழியாக 46 கி.மீ. 20 போனால் 26, போக வர 52. அவர்கள் 11 சொல்கிறார்கள், நான் 52 சொல்கிறேன், இரண்டு பேரும் ஒரே வரியைப் படித்திருக்கிறோம்! நேர்கோடா சாலையா, எங்கிருந்து, ஒரு வழியா இரு வழியா, மூன்றுமே என் வரியில் இல்லை. அதுவும் அந்த 20 எங்கிருந்து வந்தது என்று அவர்கள் கேட்டபோது எனக்கே பதில் தெரியவில்லை. யாரோ எழுதியிருந்ததைப் பார்த்து எழுதினேன்.

புதுசு | மார்ச் 9, இரவு 10:30

வரைபடத்தில் நேர்கோடு போட்டவருக்கு ஹெலிகாப்டர் அனுப்பச் சொல்லுங்கள் அக்கா.

பழைய கை | மார்ச் 10, மதியம் 12:50

கி.மீ. கணக்கையே கேப்ஷனில் எழுதாதீர்கள். "மண்டபத்தின் லொகேஷன் அனுப்பினால் பயணத் தொகையை ஒரே எண்ணாகச் சொல்வேன், பிறகு மாறாது" என்று எழுதிவிட்டு, கணக்கை உங்களோடு வைத்துக்கொள்ளுங்கள். கி.மீ. விலை போட்டால் எல்லாரும் பெட்ரோல் கணக்குப் பார்ப்பார்கள். ஆனால் பயணத்தில் செலவாவது பெட்ரோல் மட்டுமா? அந்த 46 கி.மீ. கல்யாணத்தையே எடுங்கள். பெண் எத்தனை மணிக்குத் தயாராக வேண்டும்?

தூரிகை | மார்ச் 10, மதியம் 1:20

காலை 7:30.

பழைய கை | மார்ச் 10, மதியம் 2:05

முடி, மேக்கப், உடை எல்லாம் சேர்த்து மூன்று மணி நேரம். பூ வரவில்லை, நகையைப் பூட்டின பீரோவின் சாவி காணவில்லை என்பதற்கு அரை மணி. ஆக 4:00 மணிக்கு நாற்காலியில் பெண் உட்கார்ந்திருக்க வேண்டும். பெட்டியைத் திறந்து விளக்குப் பொருத்தக் கால் மணி, 3:45க்கு நீங்கள் அங்கே. வண்டியில் ஒன்றேகால் மணி, 2:30க்குக் கிளம்ப வேண்டும். எழுந்திருப்பது எத்தனை மணிக்கு என்று நீங்களே சொல்லுங்கள். அந்த நேரத்தில் உதவியாளரை எப்படி அழைத்துப் போவீர்கள்? அவள் வீட்டுக்குப் போய்த்தான் ஏற்ற வேண்டும்.

இதனால் தூரத்தை விட, எத்தனை மணிக்கு அங்கே இருக்க வேண்டும் என்பதுதான் என் கணக்கில் பெரியது. 5:00 மணிக்கு முன்னால் போய்ச் சேர வேண்டியிருந்து, வழி ஒரு மணி நேரத்துக்கு மேல் என்றால், முந்தின இரவே அங்கே தங்குகிறேன், அறை அவர்கள் பொறுப்பு. தூக்கம் இல்லாத கை ஐலைனர் போட்டால் இரண்டு கண்ணும் இரண்டு விதமாகத்தான் வரும்.

கேப்ஷனில் இன்னொரு ஓட்டையும் இதில்தான். கேட்கிறவர் "காலை 7:30" என்றால், அது தயாராகி முடிக்கும் நேரமா, நீங்கள் வர வேண்டிய நேரமா? முதல் கேள்வியாக அதைக் கேளுங்கள்.

ரசீதுக்காரர் | மார்ச் 10, மாலை 6:00

அப்படியானால் 'தேதி இருக்கிறது' என்பதும் பொய்தானே? தேதியா இருக்கிறது, வேளைதான் இருக்கிறது. அன்றைக்கு மாலை ஒரு வரவேற்புக்கு எடுப்பீர்களா?

தூரிகை | மார்ச் 10, இரவு 9:45

இதைத்தான் இரண்டு நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன், சார் சொல்லிவிட்டார். காலை மண்டபத்தை விட்டுக் கிளம்ப 8:00, வீடு 9:15. மாலை வரவேற்பில் பெண் 6:00க்குத் தயாராக வேண்டும் என்றால் 2:15க்கு அங்கே இருக்க வேண்டும். காகிதத்தில் இடம் இருக்கிறது. ஆனால் 2:00 மணிக்கு எழுந்த நான் பதினாறு மணி நேரம் கழித்து ஒரு பெண்ணின் முகத்தில் வேலையை முடிக்கிறேன். பிரஷ் கழுவிக் காய வைக்கவும் நேரம் இல்லை, இரண்டாவது செட் பிரஷ் வேண்டும். ஊருக்குள் என்றால் எடுப்பேன். 46 கி.மீ. போய்வந்த நாளில் எடுக்க மாட்டேன். ஆக என் நாட்குறிப்பில் தேதிக்கு எதிரே 'காலை', 'மாலை' என்று இரண்டு கட்டம் போட்டேன், வெளியூர் என்றால் இரண்டையும் அடித்துவிடுகிறேன்.

"தேதிகள் வேகமாக நிரம்புகின்றன" என்ற வரியையும் எடுத்துவிட்டேன். மூன்று தேதிதான் அப்போது போயிருந்தது. எழுதும்போதே கூச்சமாக இருந்தது, எல்லாரும் எழுதுகிறார்கள் என்று எழுதினேன்.

பழைய கை | மார்ச் 11, காலை 8:30

காலி தேதிகளைக் கேப்ஷனில் பட்டியலாகப் போடவும் போடாதீர்கள். ஒன்று போனதும் திருத்த மறப்பீர்கள், திருத்தினாலும் பழையதை ஸ்கிரீன்ஷாட் எடுத்தவர் கையில் அதுதான் சாட்சி. எந்தெந்த மாதத்துக்கு எடுக்கிறீர்கள் என்பதும், எந்த நாள் எழுதியது என்பதும் போதும். கேப்ஷனில் மடங்காமல் வெளியே தெரிவது முதல் இரண்டு வரிதான். அதில் "கனவு நாள்" என்றெல்லாம் எழுதாமல், தேதி எப்போது உங்களுடையது ஆகும் என்பதை வையுங்கள்.

புதுசு | மார்ச் 11, இரவு 7:20

தலைப்பை விட்டு விலகுகிறேன், மன்னியுங்கள். டிரையல் எப்போது செய்ய வேண்டும்? ஒரு பெண் கல்யாணத்துக்கு மூன்று நாள் முன்னால் டிரையல் கேட்கிறார். போன மாதம் ஒருவருக்கு இமை முடி ஒட்டினதில் மறுநாள் கண் இமை சிவந்து வீங்கியது என்று போன் செய்தார், பயந்துவிட்டேன்.

பழைய கை | மார்ச் 11, இரவு 8:55

விலகவில்லை, இதுவும் தேதிக் கணக்குதான். பசையால் வருகிற ஒவ்வாமை சிலருக்கு அன்றைக்கே தெரியாது, ஒரு நாள் இரண்டு நாள் கழித்துத் தெரியும். மூன்று நாள் முன்னால் டிரையல் வைத்தால் வீங்கின கண்ணோடு மணமேடைக்குப் போவாள். நான் நான்கிலிருந்து ஆறு வாரம் முன்னால் வைக்கிறேன், வேறு பசை, வேறு பவுண்டேஷன் தேட நேரம் கிடைக்கும். ரொம்ப முன்னால் வைத்தாலும் வெயிலில் அலைந்து நிறம் மாறிவிடும். ஒவ்வாமை உண்டு என்று முன்பே சொல்கிறவருக்கு டிரையலுக்கும் முன்னால் காதுக்குப் பின்னால் ஒரு பொட்டு வைத்து இரண்டு நாள் பார்க்கச் சொல்வேன். அது எல்லாவற்றையும் காட்டிக்கொடுத்துவிடாது, இருந்தாலும் பார்க்கிறேன். அந்தப் பெண்ணுக்கு வீக்கம் இறங்கிவிட்டதா? கண்ணுக்குள் எரிச்சல் இருந்தால் மருத்துவரிடம் போகச் சொல்லுங்கள், நீங்கள் மருந்து சொல்லாதீர்கள்.

புதுசு | மார்ச் 11, இரவு 9:10

இறங்கிவிட்டது அக்கா, இரண்டு நாளில்.

தூரிகை | மார்ச் 13, மதியம் 3:30

புதிதாக எழுதியது. வெட்ட வேண்டியதை வெட்டுங்கள்.

"அட்வான்ஸ் வந்த பிறகே தேதி உங்களுடையது. செய்தி, அழைப்பு, டிரையல் எதுவும் பதிவு ஆகாது.
முதலில் மூன்று விவரம் அனுப்புங்கள்: தேதி, மணப்பெண் தயாராகி முடிக்க வேண்டிய நேரம், மண்டபத்தின் லொகேஷன்.
டிரையல்: வார நாட்களில், என் இடத்தில், ஒரு அலங்காரம், திருமணத்துக்கு 4 முதல் 6 வாரம் முன். மொத்தத்தில் 15%. டிரையல் முடிந்து 36 மணி நேரம் உங்கள் தேதியை நிறுத்தி வைப்பேன். பதிவு செய்தால் டிரையல் தொகை கழிக்கப்படும்.
அட்வான்ஸ்: 35%. நீங்கள் ரத்து செய்தால் திரும்பாது. தேதி மாற்றினால், புது வேளை காலியாக இருந்தால் ஒரு முறை மாற்றித் தருவேன். நான் வர முடியாமல் போனால் வாங்கிய எல்லாப் பணமும் அன்றே திரும்ப வரும். மாற்று ஆள் தேட உதவுவேன்.
பயணம்: லொகேஷன் பார்த்து ஒரே தொகை, அட்வான்ஸுக்கு முன்பே சொல்வேன். வழி ஒரு மணி நேரத்துக்கு மேலாகி, நான் காலை 5:00க்கு முன் வர வேண்டியிருந்தால் முந்தின இரவு தங்க அறை வேண்டும்.
மீதித் தொகை: முதல் நாள் மாலை.
எழுதிய நாள்: மார்ச் 13."

24க்கும் 48க்கும் நடுவில் 36 போட்டிருக்கிறேன், யாருக்கும் பிடிக்காது என்று தெரியும்.

ரசீதுக்காரர் | மார்ச் 13, மாலை 4:15

36 மணி என்றால் மாலை 5:00க்கு டிரையல் முடிந்தால் மறுநாள் தாண்டி விடிகாலை 5:00க்குத் தேதி போய்விடும். யார் அந்நேரம் எழுந்து பணம் அனுப்புவார்? "மறுநாள் இரவு 9:00 வரை" என்று மணி சொல்லி எழுதுங்கள்.

மணப்பெண்ணின் அண்ணன் | மார்ச் 13, இரவு 8:00

நீங்கள் வராமல் போனால் டிரையல் காசும் திரும்பவா? "எல்லாப் பணமும்" என்று போட்டிருக்கிறீர்கள்.

தூரிகை | மார்ச் 13, இரவு 10:40

சார் சொன்ன மணிக் கணக்கு சரி, மாற்றிவிட்டேன்: மறுநாள் இரவு 9:00.

அண்ணா, ஆமாம், டிரையலும் சேர்த்துத்தான். வேலை செய்தேன் என்று நிறுத்திக்கொள்ள எனக்கு நியாயம் இருக்கலாம். ஆனால் நான் வராத கல்யாணத்துக்கு நான் போட்டுப் பார்த்த டிரையலால் அவருக்கு என்ன பயன்?

பழைய கை | மார்ச் 14, காலை 9:25

அதில் எனக்கு ஒப்புதல் இல்லை. மாற்று ஆளுக்கு உங்கள் தாளைக் கொடுக்கிறீர்களே, அதுதான் பயன். ஆனால் உங்கள் கேப்ஷன்.

முதல் பெண் என்ன ஆனார்?

தூரிகை | மார்ச் 16, இரவு 9:05

நேரில் போய்ப் பேசினேன். தேதி கொடுக்க முடியாது, அட்வான்ஸ் போட்டவரை ஏமாற்ற முடியாது. இதயம் போட்டது என் தப்பு என்று சொல்லி டிரையல் காசைத் திருப்பிக் கொடுத்தேன், ஷேடு எழுதின தாளையும் பிளாஷ் படத்தையும் கொடுத்தேன், அந்தத் தேதியில் காலியாக இருந்த இரண்டு பேரின் எண்ணும் கொடுத்தேன். தாளை வாங்கிக்கொண்டார். காசை முதலில் வாங்கவில்லை, அவர் அம்மா வாங்கிக்கொண்டார்.

புதுக் கேப்ஷனுக்கு முதல் விசாரணை நேற்று வந்தது. தேதி, நேரம், லொகேஷன் மூன்றும் ஒரே செய்தியில். நேரம் காலை 6:00 என்று இருந்தது. தயாராகி முடிக்கும் நேரமா என்று கேட்டேன். "இல்லை, நீங்கள் வர வேண்டிய நேரம்" என்றார்.